கருவுற்ற தாயின் நாடித் துடிப்பு: இயல்பு எது, நோய் எது?

நம் சங்க உறுப்பினர்களின் இல்லங்களில் ஒரு பெண் கருவுற்றால், சில மாதங்களுக்குள் அவள் வாயினின்று பெரும்பாலும் வரும் ஒரு சொல், "நெஞ்சு படபட என்று அடித்துக் கொள்கிறது" என்பதாகும். அதற்கு வீட்டிலுள்ள பெரியோர் வழக்கமாகக் கூறும் விடையும் ஒன்றே: "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்." இவ்விடை பத்துப் பேரில் பெரும்பாலோர் அளவில் உண்மையே. ஆயினும் எஞ்சிய சிலர் விஷயத்தில் இதே சொல் ஓர் உயிரைப் பறிக்கக் கூடும். எனவே இயல்பான படபடப்பு எது, இதயக் கோளாற்றாலோ கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் கோளாற்றாலோ எழும் படபடப்பு எது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இதற்கு வேண்டிய கருவி, வினாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமுமே.

இயல்பாக நாடி விரைவது ஏன்?

கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு, பேறு காலம் நெருங்கும்போது முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் இரத்தம் போதிய அளவில் செல்ல வேண்டும் அன்றோ? ஆகவே இதயம் ஒரு நிமிஷத்தில் இறைத்துத் தள்ளும் இரத்தத்தின் அளவும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மிகுகிறது. கிணற்றின் நீரால் இரண்டு காணி பாய்ச்சி வந்தவர் மூன்று காணிக்குப் பாய்ச்ச நேர்ந்தால், எந்திரத்தை அதிக நேரமோ அதிக விரைவாகவோ ஓட்டத்தானே வேண்டும்? இதயத்திற்கு ஓய்வுநேரம் என்பது கிடையாது. எனவே ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிகமாக இறைப்பதுடன், துடிப்பையும் விரைவுபடுத்திக் கொள்கிறது.

இதனால் முன்னர் நிமிஷத்திற்கு 74 முறை துடித்த நாடி, கருக்காலத்தின் பிற்பகுதியில் 84 முதல் 94 வரை உயரலாம். பத்து முதல் இருபது வரையிலான இவ்வுயர்வு இயல்பே. இடையிடையே ஒரு துடிப்புத் தவறியது போலவும், அடுத்தது நெஞ்சில் ஓங்கி இடித்தது போலவும் தோன்றுவதும் உண்டு. அது உரிய காலத்துக்கு முன் எழுந்த ஒரு தனித் துடிப்பு; வேறு குறி ஏதும் இல்லாதவரை அதனால் தீங்கு வருவதில்லை. பெரிய வயிற்றுடன் மல்லாந்து படுத்தால், அடிவயிற்றினின்று இதயத்திற்கு இரத்தம் கொண்டு வரும் பெருநாளம் கருப்பையின் கீழ் அழுந்தும். அப்போதும் படபடப்பும் மயக்கமும் தோன்றலாம். இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்தவுடன் அது தணிந்துவிடுமாயின் அஞ்ச வேண்டியதில்லை.

இயல்பான படபடப்பின் இலக்கணத்தைச் சுருங்கச் சொல்வோம். அது படி ஏறினால் வரும். உட்கார்ந்தால் சில நிமிஷங்களில் அடங்கும். உறக்கத்தைக் கெடுக்காது. தாய் தட்டையாகப் படுத்து உறங்க இயலும். மாதந்தோறும் அவள் எடை ஏறி வரும்.

நாடியை எண்ணும் முறை

எண்ணாமல் "விரைவாக இருக்கிறது" என்பதில் பயனில்லை. அச்சத்தால் விரைந்த நாடிக்கும் நோயால் விரைந்த நாடிக்கும் கைக்கு வேறுபாடு தெரியாது. கணக்கில்தான் தெரியும்.

தாய் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரத்திற்குள் தேநீரோ காப்பியோ அருந்தியிருத்தல் ஆகாது. மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக, எண்ணுபவர் தம் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் மெல்ல வைக்க வேண்டும். கட்டை விரலால் பார்த்தல் கூடாது. எண்ணுபவரின் சொந்த நாடியே அதில் தட்டுப்பட்டுக் குழப்பும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்கு வழியும் இங்கு வேண்டா. ஒரு முழு நிமிஷம் எண்ணுக. நாடி சீராக அடிக்கிறதா, ஒழுங்கின்றித் தாறுமாறாக அடிக்கிறதா என்பது முழு நிமிஷம் விரல் வைத்திருந்தால்தான் புலப்படும்.

வாரம் ஒரு நாள் மாலையில் இவ்வாறு எண்ணித் தேதியுடன் எழுதி வருக. ஐயம் தோன்றினால், விடியற்காலையில் அவள் படுக்கையை விட்டு எழும் முன்பும் ஒரு முறை எண்ணி எழுதுக. இந்த விடியற்காலைக் கணக்கின் பயன் பின்னர் விளங்கும்.

அமர்ந்த நிலையில் நாடி 100ஐத் தாண்டி நின்றால், சற்று நேரம் கழித்து மீண்டும் எண்ணுக. மறுபடியும் தாண்டியிருப்பின் அது நோய் என்று முடிவு கட்டலாகாது. கருக்காலத்தின் கடைசி மாதங்களில் நலமுள்ள சிலருக்கும் அவ்வளவு இருப்பதுண்டு. ஆனால் காரணத்தைத் தேடாமல் விடுதலும் ஆகாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ டாக்டரிடமோ காலம் தாழ்த்தாது காட்டுக. அமர்ந்த நிலையில் 120ஐத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.

ஓர் உதாரணம்: தளவானூர்ப் பெண்

பாடம் விளங்கும்பொருட்டுத் தளவானூரில் நிலக்கடலை பயிரிடும் ஒரு குடும்பத்தைக் கற்பனையில் வைத்துக் கொள்வோம். அவ்வீட்டு மருமகளுக்கு வயது இருபத்திரண்டு. இது தலைப்பிள்ளை. மூன்றாம் மாதத்தில் அவள் நாடி 82. ஐந்தாம் மாதத்தில் 92. இதுவரை குறை ஒன்றுமில்லை. ஏழாம் மாதத்தில் களத்துமேட்டுக்குக் கூழ் எடுத்துச் செல்லும் அவள், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினாள். மாமியார் கூறினார்: "பிள்ளை வளருதம்மா, மூச்சு முட்டத்தான் செய்யும்." இரண்டு வாரம் கழித்து அவளால் தட்டையாகப் படுக்க முடியவில்லை. இரண்டு தலையணை போதாமல் மூன்று வைத்துக் கொண்டாள். நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து, திண்ணையில் வந்து அமர்ந்து இருமினாள். அன்று மாலை எண்ணிய நாடி 112.

இங்குதான் கதையின் திருப்பம் உள்ளது. நாடி 112 என்பது தனியே நின்றால் ஐயத்திற்கு இடம் தரும், அவ்வளவே. ஆனால் தட்டையாகப் படுக்க முடியாமையும், நள்ளிரவில் மூச்சுத் திணறி விழித்தலும் கருக்காலத்தின் இயல்பான குறிகள் அல்ல. இவை நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியதைக் காட்டுவன. இருமலில் இரத்தம் கலந்த சளியோ இளஞ்சிவப்பு நுரையோ வந்தால் ஐயமே இல்லை.

செவிலியர் வந்ததும் இரத்தச் சோகை உண்டோ என்று பார்த்தார். இரத்தச் சோகையினாலும் நாடி விரையும். நம் நாட்டில் படபடப்புக்கு மிகப் பொதுவான காரணம் அதுவே. கருவுற்ற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் இரத்தச் சோகை. 7க்குக் குறைந்தால் கடுமையான சோகை. இப்பெண்ணுக்கு 10.2 இருந்தது. சிறிது குறைவுதான்; எனினும் மூன்று தலையணைக்கு அது காரணம் ஆகாது. எனவே செவிலியர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "சிறு வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கிப் படுத்ததுண்டா, அம்மா?"

பெண்ணின் தாயார் நினைவுகூர்ந்தார். பதினொரு வயதில் தொண்டை வலி வந்து, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் கண்டன. அது தணியும்போது கணுக்கால் வீங்கிற்று. ஒரு மாதம் பள்ளிக்குச் செல்லவில்லை. பின்னர்த் தானே குணமாயிற்று என்று எல்லோரும் மறந்துவிட்டனர்.

அதுதான் ருமாட்டிக் ஜுரம். தொண்டையில் தங்கும் ஒருவகைக் கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய படை, கிருமியோடு நில்லாது மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குவதால் வருவது. மூட்டு வீக்கம் வடுவின்றி ஆறிவிடும்; இதய வால்வோ ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்துச் சுருங்கும். பெரும்பாலும் பழுதாவது இதயத்தின் இடப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயுள்ள மைட்ரல் வால்வு.

வால்வு குறுகினால் விரைவு ஏன் தீங்கு செய்கிறது?

நலமுள்ள பெண்ணின் மைட்ரல் வால்வு திறந்த நிலையில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வாய் உடையது. நம் உதாரணப் பெண்ணுக்கு எக்கோ பரிசோதனையில் கண்டது 1.2 மட்டுமே. ஏரி மதகு முக்கால் பங்கு அடைபட்டிருந்தாலும், வயலுக்குத் தேவை குறைவாயின் நெடுநேரம் திறந்து வைத்துப் பாய்ச்சிச் சமாளிக்கலாம். இதயத்தின் மதகோ ஒவ்வொரு துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். அவ்வோய்வு நேரத்தின் கணக்கைப் பார்ப்போம்.

நாடி 75 ஆயின் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் இதயம் சுருங்க ஏறத்தாழ 0.3 வினாடி போக, நிரம்புவதற்கு 0.5 வினாடி கிடைக்கும். ஒரு நிமிஷத்தில் மதகு திறந்திருக்கும் மொத்த நேரம் ஏறத்தாழ 37 வினாடி. நாடி 120 ஆகும்போது ஒரு துடிப்புக்கு 0.5 வினாடியே. சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. குறைவதெல்லாம் நிரம்பும் நேரமே. மொத்தத்தில் நிமிஷத்திற்கு 26 வினாடி அளவே மதகு திறந்திருக்கும். இரத்தத்தின் அளவோ கருக்காலத்தால் கூடியிருக்கிறது. கூடிய நீர், குறுகிய வாய், குறைந்த நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மதகுக்குப் பின்னுள்ள இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சுத் திணறுவதால் அச்சம் எழுகிறது. அச்சத்தால் நாடி மேலும் விரைகிறது. விரைவால் தேக்கம் மேலும் பெருகுகிறது. மாதக்கணக்கில் நலமாயிருந்தவள் ஓரிரவில் கவிழ்ந்துவிடுவது இதனால்தான்.

பெரும்பாலும் இந்நோய் ஆறாம் மாதத்திற்குப் பின் வெளிப்படுவதன் காரணமும் இதுவே. இதயத்தின் சுமை உச்சத்தை எட்டுவது அப்பொழுதாகும். திருமணத்திற்கு முன் ஓடியாடி வேலை செய்த பெண் என்பதால் இதயம் நன்றாயுள்ளது என்று கருதுதல் தவறு.

இஃது அருகிய செய்தி அன்று என்பதற்குச் சென்னையில் எடுத்த கணக்கே சான்று. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதனைச் சேர்ந்த எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் 2016 முதல் 2019 வரை, இதய நோயுடன் கருவுற்ற பெண்களைப் பதிவு செய்து வந்தன. பதிவான கருப்பேறுகள் 1,029. அவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஆறு, ருமாட்டிக் ஜுரத்தால் வால்வு பழுதானவை. நாம் கருத வேண்டியது வேறொரு எண்: நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேருக்கு, தமக்கு இதய நோய் உண்டு என்பதே கருவுற்ற பின்னர்த்தான் முதன்முதலாகத் தெரிய வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் உயிரிழந்தனர். அஃதாவது, "எனக்கு இதய நோய் கிடையாது" என்று ஒரு பெண் உண்மையாகவே நம்பிச் சொல்வதைக் கொண்டு மட்டும் நாம் அமைதியடைய இயலாது.

அப்பெண்ணுக்குச் செய்தவை

தளவானூர்ப் பெண்ணை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டபோது, துடிப்புகளுக்கு இடையே தாழ்ந்த உருளல் ஓசை ஒன்று கேட்டது. கருவுற்ற பெண்களில் பலருக்கு இதயம் சுருங்கும் வேளையில் மெல்லிய ஓசை கேட்பது இயல்பே. இதயம் ஓய்ந்து நிரம்பும் வேளையில் ஓசை கேட்பது இயல்பன்று. அதனால் அன்றே 108 ஊர்தியில் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டாள் என்று கொள்வோம். அங்கே ஈசிஜியும் எக்கோவும் எடுத்தனர். எக்கோ என்பது ஒலியலையால் எடுக்கும் படம். வயிற்றுப் பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பது போன்றதே. கருவுக்கு அதனால் தீங்கில்லை.

சிகிச்சையின் முதல் நோக்கம் நாடியைத் தணிப்பதாகும். அதற்கு மெட்டோபுரலால் என்னும் மாத்திரையும், நுரையீரலில் தேங்கிய நீரை இறக்கச் சிறுநீர் பெருக்கும் மருந்தும் கொடுத்தனர். உப்பைக் குறைத்து, கடும் வேலையை நிறுத்தினர். பத்து நாளில் நாடி 78க்கு இறங்கிற்று. ஒரு தலையணையுடன் உறங்கினாள். மருந்தால் குணம் காணாதவர்களுக்குத் தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து வால்வின் வாயைத் திறக்கும் முறை உண்டு. வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்து, கருக்காலத்தின் நடுப்பகுதிக்குப் பின் இதனைச் செய்வர். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை.

பேறு காலமே மிகக் கவனமான காலம். வலி எடுக்கும்போது நாடி விரையும். ஆதலின் வலி தணிக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பர். முக்குவதால் இதயம் களைக்காதிருக்க, கடைசிக் கட்டத்தில் கருவி வைத்துக் குழந்தையை எடுப்பர். இதய நோய் என்பதனாலேயே எல்லோருக்கும் வயிற்றைக் கிழித்தெடுக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்கி, அதிலிருந்த இரத்தம் திடீரென இதயத்திற்குத் திரும்பும். அதனால் பிள்ளை பெற்ற முதல் இரண்டு மூன்று நாட்களில் நோய் முற்றுவதுண்டு. "பேறு முடிந்தது, ஆபத்தும் நீங்கியது" என்று அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வருதல் கூடாது.

ருமாட்டிக் ஜுரம் மீண்டும் தாக்காதிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு வரும் பெண்கள், கருவுற்றபோதும் அதனை நிறுத்துதல் ஆகாது. "பிள்ளைக்கு ஆகாது" என்று தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. அஃது ஆதாரமற்ற அச்சம்.

தைராய்டுக் கோளாறு: இன்னொரு பெண்

இனி அக்குடும்பத்தின் உறவில் தறி நெய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்ட வேறொரு பெண்ணை எண்ணுவோம். இவளுக்கு மூன்றாம் மாதம். நாடி 118. ஆனால் இவள் தட்டையாகப் படுத்து உறங்குகிறாள், இருமல் இல்லை. பசி மிகுதி, மூன்று வேளையும் வயிறார உண்கிறாள். இருந்தும் எடை 52 கிலோவிலிருந்து 49க்கு இறங்கிவிட்டது. மற்றவர் போர்த்திக்கொள்ளும் மார்கழியில் இவளுக்கு வியர்க்கிறது. தறியில் அறுந்த இழையை எடுத்து முடிச்சிடும்போது விரல் நடுங்குகிறது.

இதயம் ஓடும் வேகத்தை நிர்ணயிப்பனவற்றுள் கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டுச் சுரப்பியின் நீரும் ஒன்று. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் உடல் முழுதும் விரைவு கொள்ளும். அதனால்தான் இவளுக்கு நாடி மட்டுமன்றி, செரிமானமும் வியர்வையும் விரலும் விரைகின்றன. இங்கே விடியற்காலைக் கணக்கு உதவும். அச்சத்தாலோ களைப்பாலோ விரைந்த நாடி உறக்கத்தில் தணிந்து, விடியலில் குறைவாகக் காணப்படும். தைராய்டால் விரைந்த நாடி உறக்கத்திலும் தணியாது. இப்பெண்ணுக்கு விடியலில் எண்ணியபோதும் 106 இருந்தது. கையை நீட்டி விரல்களை அகற்றச் சொல்லி, அவற்றின்மீது ஒரு காகிதத்தை வைத்தால் மெல்லிய நடுக்கமும் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. கருவைத் தாங்குவதற்கென நஞ்சுக்கொடியினின்று சுரக்கும் ஒரு நீர், தைராய்டுச் சுரப்பியையும் சற்றுத் தூண்டுகிறது. மிகுந்த வாந்தியுள்ள பெண்களுக்கு இத்தூண்டல் அதிகம். ஆகவே மூன்றாம் மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் போலவே தோன்றும். ஐந்தாம் மாதத்திற்குள் தானே அடங்கிவிடும். இதற்குத் தைராய்டு மருந்து வேண்டா. வாந்தியை அடக்கி, உடலில் நீர் வற்றாமல் காத்தால் போதும்.

அப்படியாயின் உண்மை நோயை எவ்வாறு பிரித்தறிவது? கழுத்து முன்புறம் வீங்கியிருத்தல், கண்கள் பிதுங்கி வெறித்த பார்வையாதல், கருவுறும் முன்பே படபடப்பும் எடைக் குறைவும் இருந்தமை, தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ தைராய்டு நோய் உள்ளமை ஆகியவை உண்மை நோயைச் சுட்டுவன. வாந்தியால் வந்த தூண்டலில் கழுத்து வீக்கமும் கண் மாற்றமும் இரா. நம் தறிக்காரப் பெண்ணுக்கு வாந்தியே இல்லை. ஆனால் கழுத்தில் வீக்கம் உண்டு. திருமணத்தின்போதே விரல் நடுங்கியதாக அவள் தமக்கையும் கூறினாள். இரத்தத்தில் டி.எஸ்.எச். என்னும் அளவு மிகத் தாழ்ந்தும், டி-4 என்னும் அளவு மிக உயர்ந்தும் காணப்பட்டன. டி.எஸ்.எச். சற்றுத் தாழ்ந்திருப்பது மட்டும் முதல் மாதங்களில் இயல்பே என்பதை நினைவிற் கொள்க. ஆய்வுக்கூடத் தாளில் அச்சிட்ட அளவு பெரும்பாலும் கருவுறாதவர்க்குரியது. அதனைக் கண்டு நாமே மருந்து வாங்குதல் கூடாது.

இந்நோய்க்கு முதல் மாதங்களில் புரோபில்தையோயுரசில் என்னும் மாத்திரையைத் தருவர். கருவின் உறுப்புகள் உருவாகும் காலம் கடந்தபின் டாக்டர் அதனைக் கார்பிமசோலாக மாற்றக் கூடும். கூடியவரை குறைந்த அளவே தருவர். ஏனெனில் மருந்து குழந்தையின் சுரப்பியையும் அடையும். மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் ஒருங்கே வந்தால், அன்றே மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் சென்று இரத்த அணுக்களை எண்ணச் சொல்ல வேண்டும். அணுக்கதிர் அயோடின் சிகிச்சை கருவுற்றவர்க்கு ஒருக்காலும் ஆகாது. சிகிச்சையின்றி விட்டாலோ இரத்த அழுத்தம் ஏறுதல், குறைமாதப் பேறு, இறுதியில் இதயமே களைத்தல் ஆகியவை நேரலாம்.

காலம் தாழ்த்தாது செல்ல வேண்டிய குறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பகலென்றும் பாராது 108க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்குச் செல்க.

அமர்ந்திருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டுதல், தட்டையாகப் படுக்க முடியாமை அல்லது நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுதல், இருமலில் இரத்தமோ நுரையோ வருதல், நெஞ்சு வலி, படபடப்புடன் மயங்கி விழுதல், நாடி ஒழுங்கின்றித் தாறுமாறாக ஓடுதல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் கண்டு, திடீரென மூச்சு வாங்குதல்.

படபடப்பு விளக்கைப் போட்டாற்போல் திடுமெனத் தொடங்கி, அணைத்தாற்போல் திடுமென நிற்குமாயின் அது வேறொரு வகை. இதயத்தின் மின்னோட்டப் பாதையில் உள்ள பழுதால் நாடி 150க்கு மேல் ஓடி, எண்ணவே முடியாமற் போகும். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுக. ஓடும்போதே எடுத்த ஈசிஜி ஒன்று நூறு வார்த்தைக்குச் சமம். இதனைக் கருக்காலத்திலும் தீங்கின்றி நிறுத்த மருந்து உண்டு.

பிள்ளை பெற்றபின் ஐந்து மாதம் வரை இக்கவனம் தொடர வேண்டும். இதயத் தசையே தளர்ந்து போகும் நோய் ஒன்று, கடைசி மாதத்திலோ பேற்றுக்குப் பின் சில மாதங்களிலோ, முன்பு எந்நோயும் இல்லாத தாய்க்கும் வரலாம். கால் வீக்கமும், மூச்சு வாங்கலும், படுக்க முடியாமையும் அதன் குறிகள். "பச்சை உடம்பு, குளிர் பிடித்துவிட்டது" என்று இதனைக் கஷாயத்தால் ஆற்ற முயல்வது காலத்தை வீணாக்குவதாகும்.

பாடத்தைச் சோதித்துக்கொள்ள

ஒன்று: எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணின் நாடி 94; படியேறினால் படபடக்கிறது, அமர்ந்தால் அடங்குகிறது; தட்டையாக உறங்குகிறாள்; எடை ஏறி வருகிறது. இஃது இயல்பு.

இரண்டு: நாடி 104, கண்ணிமையின் உட்புறம் வெளுத்துள்ளது, ஹீமோகுளோபின் 6.8. இது கடுமையான இரத்தச் சோகை. மாத்திரை மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இத்தகைய நிலை வராமற் காக்கவே நான்காம் மாதம் முதல் இரும்புச் சத்து மாத்திரை தரப்படுகிறது. அதனைத் தேநீருடன் விழுங்கினால் சத்து உடலிற் சேராது. எலுமிச்சைச் சாற்றுடன் உண்க. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் உண்க.

மூன்று: நாடி 108; விடியலிலும் 102; நன்றாக உண்டும் இளைக்கிறாள். தைராய்டுப் பரிசோதனை வேண்டும்.

நான்கு: நாடி 110, மூன்று தலையணை, சிறு வயதில் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல். அன்றே இதயப் பரிசோதனை வேண்டும்.

இந்நான்கிலும் நாடி எண் ஒன்றுக்கொன்று நெருங்கியே நிற்பதைக் காண்க. பிரித்தறிய உதவுவது எண்ணோடு சேர்ந்த கேள்விகளே: எப்படி உறங்குகிறாள்? எடை ஏறுகிறதா? விடியலில் நாடி எவ்வளவு? சிறு வயதில் முட்டி வீங்கியதுண்டா? கருவுற்ற பெண் உள்ள ஒவ்வோர் உறுப்பினர் இல்லத்திலும் இந்நான்கு வினாக்களையும் அவள் தாய்–சேய் நலப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைப்பீர்களாக. கடைசி வினாவை அவளிடம் மட்டுமன்றி, அவளைப் பெற்ற தாயிடமும் கேளுங்கள். பதினொரு வயதுக் காய்ச்சலை மகள் மறந்திருக்கலாம். தாய் மறந்திருக்க மாட்டாள்.